அடுத்த அத்தியாயம் வேணுமா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எழுதுகின்ற பழைய மாணவிகளுக்கு உதவியாக ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். நான் எழுத்தாளர் அல்ல. நோயாளர் கொப்பியிலே நான் எழுதுவதை பாமசியில் நிற்கின்ற பிள்ளைகளே சிரமப்பட்டுத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கடந்த வருடம் ஒரு கைப்பிரதியை வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரே ஒரு விடயத்தைத்தான் கொஞ்சம் ஆழமாகக் கற்றுக்கொண்டேன். ஓர் அத்தியாயம் முடிகிற இடம், வாசிக்கிறவரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதே அது. இன்று அதை மட்டும் சொல்கிறேன்.

கைப்பிரதி என் வகுப்புத் தோழி ஒருத்தி எழுதிய நாவல். அவள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றாள். கதையைச் சொல்ல அனுமதி தந்தாள். 22 அத்தியாயங்கள். கதை 2004 நோன்பு மாதத்தில், எங்கள் கரையோரத்து ஊர் ஒன்றில் தொடங்குகிறது. தறி வைத்துச் சாரம் நெய்கின்ற ஒரு விதவைத் தாய். இரண்டு பெண் பிள்ளைகள். கடலுக்குக் கிட்ட ஒரே ஒரு வளவு. எங்கள் பகுதியில் பெண் பிள்ளையைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பார். ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள் என்பதுதான் அந்தத் தாயின் கணக்கு. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடக்கும் என்பது இந்த மண்டபத்தில் இருக்கும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த நாவலின் கஷ்டமும் அதுதான். முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் வாசிக்கிறவரை எதைக் கொண்டு அடுத்த பக்கத்துக்கு அழைத்துப் போவது?

நான் முதலில் செய்தது பிழை. இரவுக் கடமை ஒன்றில், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து, முழுவதையும் ஒரே இருப்பில் வாசித்து முடித்துவிட்டு, "நல்லா இரிக்கி புள்ள" என்று செய்தி அனுப்பினேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "எந்த இடத்தில கீழ வைச்சாய்?" எனக்குப் பதில் இல்லை. நான் எங்கேயும் வைக்கவில்லை. அவள் என் தோழி, எனக்குக் கதை முடிய வேண்டும், விடியமுன் சொல்லிவிட வேண்டும். கதை இழுத்ததால் வாசித்தேனா, கடமைக்கு வாசித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

கிளினிக்கில் இதைத் தினமும் பார்க்கிறேன். "குளிசையெல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டால், "ஓம் டொக்டர்" என்பார்கள். அது பொய் என்று சொல்ல மாட்டேன், மரியாதை. அதனால் நான் அந்தக் கேள்வியைக் குறைத்துவிட்டேன். மிச்சக் குளிசை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவேன். கொடுத்தது இத்தனை, போன நாள் இத்தனை, இருக்க வேண்டியது இத்தனை. எண்ணினால் விளங்கிவிடும். கைப்பிரதியை வாசித்தவரிடம் "நல்லா இருந்ததா?" என்று கேட்பதும் "ஓம் டொக்டர்" என்ற பதிலைக் கேட்டு வாங்குவதுதான். அங்கேயும் எண்ணக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும்.

இப்படிச் செய்தோம். கைப்பிரதியை ஒன்றும் அறியாத ஐந்து பெண்களைப் பிடித்தோம். ஐந்து பேரும் வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள். என் தோழிக்கு நெருக்கமில்லாதவர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நேரத்தில் ஓர் அத்தியாயம்தான் அனுப்புவேன். அடுத்தது தானாக வராது, அவர்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் நினைவூட்ட மாட்டேன். அனுப்பிய நேரத்தையும் கேட்ட நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதினேன். கேட்கும்போது ஒரே கேள்விதான் திருப்பிக் கேட்பேன்: "இப்ப உங்களுக்கு எதைப் பற்றி யோசனை?" நல்லதா கெட்டதா என்று கேட்கவே மாட்டேன்.

இதில் தெரிந்ததைச் சொல்லமுன், ஆயிரத்தொரு இரவுகளில் இருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு உயிரைப் பணயம் வைத்தவள் ஷஹ்ரஸாத் ஒருத்திதானே. அவள் சொல்லும் முதல் கதை வணிகனும் ஜின்னும். பயணம் போகும் வணிகன் ஒருவன் பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிகிறான். அது ஜின்னின் மகன்மேல் பட்டு அவன் இறந்துபோகிறான். பழிக்குப் பழி என்று ஜின் வாளை ஓங்குகிறது. அந்த இடத்தில் விடிந்துவிடுகிறது, ஷஹ்ரஸாத் கதையை நிறுத்திவிடுகிறாள்.

எல்லோரும் மெச்சுவது அந்த ஓங்கிய வாளை. ஆனால் யோசித்துப் பாருங்கள், வாள் ஓங்கியபடி எவ்வளவு நேரம் நிற்கும்? அடுத்த இரவு இரண்டு வசனம் சொன்னவுடன் அந்தப் பதற்றம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வணிகன் தவணை கேட்கிறான். 'கடன்களைத் தீர்த்து, பிள்ளைகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, ஒரு வருடத்தில் இதே இடத்துக்கு வருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கிறான். ஜின் விட்டுவிடுகிறது. இப்போது வாளும் இல்லை, அவசரமும் இல்லை. அவன் வீட்டில் இருக்கிறான். போகாமலும் விடலாம். போவானா? இந்தக் கேள்வி ஒரு வருடம் முழுக்க நிற்கும். ஓங்கிய வாள் நம்மைத் திடுக்கிட வைக்கிறது, கொடுத்த வாக்கு நம்மைக் காத்திருக்க வைக்கிறது. என் கொப்பியில் விழுந்த கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

நான்காம் அத்தியாயம் இப்படி முடிகிறது. தாய் பெட்டகத்தில் இருந்து வளவின் உறுதியை எடுத்து, சந்தைக்குப் போகும் பையில் அடியில் வைத்து, மேலே வெற்றிலைப் பெட்டியை வைக்கிறாள். மூத்த மகளிடம் "கிளினிக்குக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்துகிறாள். அவ்வளவுதான். ஆச்சரியக்குறி கிடையாது, இடி மின்னல் கிடையாது. ஐந்து பேரில் மூன்று பேர் அன்று இரவே ஐந்தாம் அத்தியாயத்தைக் கேட்டார்கள். "என்ன யோசனை?" என்றதற்கு ஒருவர், "உம்மா உறுதிய ஈடு வைக்கப் போறா, மூத்தவளுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்?" என்றார். இந்தப் பதிலில் ஓர் ஆள் இருக்கிறாள், அவள் செய்த ஒரு காரியம் இருக்கிறது, அது இன்னும் தீரவில்லை. இப்படிப் பதில் வந்தால் அந்த முடிவு உயிரோடு இருக்கிறது என்று குறித்துக்கொள்வேன்.

ஐந்தாம் அத்தியாயம் அனுப்பினேன். இரண்டு நாள் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருவர் ஒரு கிழமை கழித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். காய்ச்சல் உண்மையாகவே இருந்திருக்கும். அதனால் ஒருவருடைய தாமதத்தை வைத்து நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஐந்து பேரும் மெதுவானால் அது காய்ச்சல் அல்ல. யோசனையைக் கேட்டபோது, "கடல் வரப்போகுது என்டு தெரியும்தானே" என்றார்கள். ஆளும் இல்லை, காரியமும் இல்லை.

அந்த அத்தியாயத்தின் கடைசியில் என்ன இருந்தது என்று பார்ப்போம். தாய் பணத்தோடு திரும்பி வருகிறாள். கிளினிக்கில் சரியான கூட்டம் என்கிறாள். மகள் தேத்தண்ணி ஊற்றப் போகும்போது தட்டில் இருப்பதைப் பார்க்கிறாள்: உம்மாவின் கிளினிக் கொப்பி. காலையில் இருந்து அது அங்கேதான் கிடந்திருக்கிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியை நேராக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் கொண்டுபோகிறாள். இதற்குப் பிறகு இன்னும் 11 வரிகள். தாய் மஃரிப் தொழுதுவிட்டு முற்றத்துக்கு வருகிறாள், கடலைப் பார்க்கிறாள், கடல் வழமைக்கு மாறாக அமைதியாக இருக்கிறது, அந்த அமைதிக்குள் என்ன ஒளிந்திருந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அத்தியாயம் கிளினிக் கொப்பியோடு முடிந்துவிட்டது. அது முடிந்ததை எழுதியவள் கவனிக்கவில்லை. அதற்குமேல் வந்த 11 வரியும் மகள் திறந்த கேள்வியின்மேல் கடல் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டன. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. கடைசிப் பந்தியைக் கையால் மூடிக்கொண்டு வாசியுங்கள். அதற்கு முன்னுள்ள பந்தியில் நின்றபோது இழுப்பு கூடினால், மூடிய பந்தி வெட்டப்பட வேண்டியது. அப்படியும் குறைவாக இருந்தால் இன்னொரு பந்தி மேலே போங்கள். இரண்டு மூன்று பந்தி மேலே போயும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், பிழை முடிவில் இல்லை. அந்த அத்தியாயத்தில் கேள்வியே திறக்கப்படவில்லை. அதற்கு வாலில் மருந்து கட்டிப் பலனில்லை.

என் தோழி 11 வரியையும் வெட்டினாள். புதிதாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. திருத்தியதைப் பழைய ஐந்து பேருக்கு அனுப்ப முடியாது, அவர்களுக்குக் கதை தெரிந்துவிட்டது. புதிதாக இரண்டு பேருக்கு முதலாம் அத்தியாயத்தில் இருந்து தொடங்கினோம். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒருவர் அன்றிரவே கேட்டார், மற்றவர் அடுத்த நாள் காலை சுபஹுக்குப் பிறகு கேட்டார்: "மகள் கேட்டாளா இல்லையா?" இரண்டு பேர்தான். மருந்துப் பரிசோதனை என்றால் இதை யாரும் ஏற்க மாட்டார்கள். நானும் இதை நிரூபணம் என்று சொல்லவில்லை.

கைப்பிரதியில் இப்படிக் கடலில் முடிந்த அத்தியாயங்கள் ஏழு இருந்தன. நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்து பேரில் ஒரு பிள்ளை 2004இல் கைக்குழந்தை. அவளுக்கு மட்டும் கடல் முடிவுகள் பிடித்திருந்தன. சுனாமியைக் கேட்டு அறிந்தவளுக்கு அது எச்சரிக்கை. பார்த்தவர்களுக்கு அது தெரிந்த செய்தி. யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். இந்த நாவல் இருசாராரையும் நினைத்து எழுதப்பட்டது, ஆகவே ஏழில் ஒன்றை மட்டும் என் தோழி விட்டுவைத்தாள்.

இன்னொரு வகை முடிவும் இருந்தது. 12ஆம் அத்தியாயத்தில் மூத்தவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. பிரித்து வாசிக்கிறாள், முகம் வெளிறுகிறது, அத்தியாயம் முடிகிறது. எல்லோரும் உடனே அடுத்ததைக் கேட்டார்கள். என் கொப்பிக் கணக்கின்படி இது மிகவும் நல்ல முடிவு! ஆனால் யோசனையைக் கேட்டபோது ஒருவர், "அவள் வாசிச்சிட்டாள், எனக்கு மட்டும் ஏன் காட்டல்ல?" என்றார். அது கதையில் உள்ள ஆளைப் பற்றிய யோசனை அல்ல, எழுதியவள்மேல் வந்த கோபம். 13ஆம் அத்தியாயம் வேறு வீட்டில் தொடங்கி, மூன்று பக்கம் கழித்துத்தான் கடிதத்துக்கு வந்தபோது கோபம் இன்னும் கூடியது. அதன் பிறகு இரண்டு பேர் மெதுவானார்கள். நேரத்தை மட்டும் எண்ணி யோசனையைக் கேட்காமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிய வந்திருக்காது. இப்போது கடிதத்தில் உள்ளதை வாசகருக்கும் காட்டிவிட்டு, அதை உம்மாவிடம் காட்டுவதா மறைப்பதா என்று அவள் நிற்கும் இடத்தில் அத்தியாயம் முடிகிறது.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீடுகளில் எல்லாம் கல்கி இருந்தார். பொன்னியின் செல்வன் 1950 தொடங்கி மூன்றரை வருடம் கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கதை. அங்கே ஒரு முடிவு ஏழு நாள் தாங்க வேண்டும். கடையில் அடுத்த இதழை வாங்க வைக்க வேண்டும். 'பல்லக்கில் யார்?' என்று ஓர் அத்தியாயத்துக்குப் பெயரே வைத்தார். பழுவேட்டரையரின் இளைய ராணி உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு போகிறோம், மதுராந்தகர் வெளியே வருகிறார். ஆனால் அந்தத் திகைப்பு மட்டும் அவ்வளவு பெரிய கதையைத் தூக்கி நிறுத்தவில்லை. வந்தியத்தேவன் கையில் இரண்டு ஓலைகள் இருக்கின்றன, ஒன்று சக்கரவர்த்திக்கு, ஒன்று குந்தவைக்கு. கடம்பூர் மாளிகையில் சதியைக் கேட்டபின் அந்த ஓலைகளின் கனம் கூடிவிடுகிறது. கொண்டுபோய்ச் சேர்ப்பானா என்ற யோசனை, மேலே நடக்கும் வேடிக்கைகளுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. புத்தகமாக எழுதுகிறவர்கள் பல்லக்கைப் பார்த்துப் பழகுகிறார்கள், ஓலையைப் பார்ப்பதில்லை. புத்தகத்தில் ஒரு முடிவு ஏழு நாள் தாங்கத் தேவையில்லை, ஒரு தாளைப் புரட்டும் நேரம் தாங்கினால் போதும். எட்டுப் பக்கத்துக்கு ஒரு தடவை திடுக்கிட வைத்தால், நாலாவது தடவை வாசகர் திடுக்கிடுவதை நிறுத்திவிடுவார்.

கடைசியாக, என் கணக்கு முற்றாகப் பிழைத்துப்போன ஓர் இடம்.

ஐந்து பேரில் வயதில் மூத்த ஒரு ராத்தா. நன்றாக வாசிப்பவர், வேகமாகக் கேட்பவர். ஒன்பதாம் அத்தியாயம் அனுப்பிய பிறகு அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. மற்ற நாலு பேரும் அன்றே கேட்டார்கள். அந்த அத்தியாயம் 25ஆம் திகதி சனிக்கிழமை இரவில் முடிகிறது. (மூத்தவளுக்கு அதற்குள் கலியாணம் முடிந்து, கடலுக்குத் தூரமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அலைக்குப் பிந்திய கதைதான் மிச்சமுள்ள 13 அத்தியாயமும்.) இளையவள் ராத்தா வீட்டில் தங்கப் போகிறேன் என்கிறாள். தாய் முதலில் வேண்டாம் என்கிறாள், பிறகு "சரி, உண்ட விருப்பம்" என்கிறாள். பிள்ளை பாயை எடுக்கிறாள். போனாளா, அங்கேயே விரித்தாளா என்று சொல்லாமல் அத்தியாயம் நிற்கிறது. கைப்பிரதியிலேயே பலமான முடிவு என்று நான் நினைத்தது இதுதான்.

ஒரு மாதம் போனது. என் ஒழுங்கை நானே மீறி அவருக்கு அழைப்பு எடுத்தேன். "வாசிச்சன் மகள்," என்றார். "இதுக்கு மேல நான் வரல்ல." அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்பதைச் சொன்னார். அதை இங்கே நான் சொல்லப் போவதில்லை.

கொப்பியில் அந்த வரிக்கு நேரே 'கேட்கவில்லை' என்றுதான் எழுதியிருந்தேன். ஐந்தாம் அத்தியாயத்துக்கும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தேன். ஒன்று முடிவு இழுக்காததால் நின்றது. மற்றது தாங்க முடியாத தூரத்துக்கு இழுத்ததால் நின்றது. எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்று, பேசினால்தான் வேறு வேறு. குளிசை அட்டையிலும் அப்படித்தான். மிச்சம் இருப்பதற்கு மறதியும் காரணமாகலாம், குடித்தவுடன் தலை சுற்றியதும் காரணமாகலாம்.

அந்த முடிவை மாற்றவா என்று என் தோழி கேட்டாள். மாற்ற வேண்டாம் என்றேன். ஆனால் பத்தாம் அத்தியாயத்தைப் பற்றி இருவரும் நீண்ட நேரம் பேசினோம். அலை வந்துபோன பிறகு உள்ள அத்தியாயம் அது. முந்திய பிரதியில் அதன் முடிவிலும் ஒரு கொக்கி இருந்தது, குப்பைக்குள் ஒரு சாரத்தின் கரை தெரிகிறது, யாருடையது என்று சொல்லாமல். அதை அவள் எடுத்துவிட்டாள். இப்போது தாய் ஒரு பாடசாலைக் கட்டிடத்தில், தெரியாத ஒருத்தி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதோடு அது முடிகிறது. ஒன்றும் திறந்திருக்கவில்லை. அங்கே வாசிக்கிறவர் புத்தகத்தை மூடிவைக்கலாம், நாளைக்கோ அடுத்த மாதமோ எடுக்கலாம். எல்லா அத்தியாயமும் இழுத்தே ஆக வேண்டும் என்று நான் முன்பு நினைத்திருந்தேன்.

போன நோன்புக்கு முந்திய கிழமை அந்த ராத்தாவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"பத்த அனுப்பு மகள். அதுக்கு முதல்ல நீ சொல்லு, சின்னவள் எங்க படுத்தாள்?"

சொன்னேன். பிறகு அனுப்பினேன்.